பாதிரியாரின் பள்ளிக்கு எதிராக ஒரு சந்தா ஏடு: 19-ஆம் நூற்றாண்டு இந்துச் சீர்திருத்த சபைகள் மிஷனரிகளுக்குச் சொன்ன பதில்

1845-ஆம் ஆண்டில் ஒரு நாள் காலை, கல்கத்தாவின் ஜோராசாங்கோ வீட்டில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த தேவேந்திரநாத் தாகூரிடம் ராஜேந்திரநாத் சர்க்கார் என்பவர் கண்ணீரோடு வந்து நின்றார். அவருடைய மனைவியும் தம்பி உமேஷ் சந்திரனின் மனைவியும் முந்தைய ஞாயிற்றுக்கிழமை ஒரே வண்டியில் விருந்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். வழியில் உமேஷ் வந்து, தன் இளம் மனைவியை வண்டியிலிருந்து இறக்கி அழைத்துக்கொண்டு, இருவருமாக அலெக்சாண்டர் டஃப் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியாரின் வீட்டுக்குப் போய்விட்டார்கள். தந்தை சுப்ரீம் கோர்ட்டில் வழக்குத் தொடுத்துத் தோற்றார். இன்னொரு முறை வழக்குத் தொடுக்கப் போகிறோம், அதன் தீர்ப்பு வரும்வரை ஞானஸ்நானம் கொடுக்காமல் பொறுத்திருங்கள் என்று குடும்பத்தார் டஃப்பிடம் மன்றாடினார்கள். அவர் பொறுக்கவில்லை, முதல்நாள் மாலையே இருவருக்கும் ஞானஸ்நானம் நடந்து முடிந்துவிட்டது.

தேவேந்திரநாத் தம் தன்வரலாற்றில் இந்த நிகழ்ச்சியை விரிவாகவே எழுதியிருக்கிறார். அடுத்த சில வாரங்களில் அவர் செய்த காரியங்களைக் கவனித்தால், 19-ஆம் நூற்றாண்டில் இந்துச் சீர்திருத்த சபைகள் மிஷனரிகளையும் ஆங்கிலக் கல்வியையும் எப்படி எதிர்கொண்டன என்பது பெரும்பாலும் புரிந்துவிடும். ஆனால் அதற்கு முன் 'சபை' என்று இங்கே எதைச் சொல்கிறோம், ஒரு பள்ளிக்கூடம் ஏன் இத்தனை பெரிய போர்க்களமாயிற்று என்ற இரண்டையும் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

சமயத்துக்குள் சீர்திருத்தம் பேசியவர்கள் இந்தியாவில் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். அவர்களைச் சுற்றிச் சீடர்கள் கூடினார்கள், மடங்கள் தோன்றின, குரு பரம்பரைகள் வளர்ந்தன. 19-ஆம் நூற்றாண்டின் சபையோ வேறு வகையான அமைப்பு. அதில் சேர்வதற்குப் பிறப்போ தீட்சையோ முதன்மையான தகுதி அல்ல; கொள்கையை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டு, மாதந்தோறும் சந்தா கட்டுகிறவர் உறுப்பினர். தலைவரும் செயலாளரும் உண்டு, கூட்ட நடவடிக்கை எழுதி வைக்கப்படும், குறித்த நாளில் கூட்டம் நடக்கும், பத்திரிகை அச்சாகும், கணக்கு காட்டப்படும். இந்த அமைப்பு முறையை இந்தியர்கள் ஐரோப்பியர் நடத்திய சங்கங்களிலும் மிஷன் அமைப்புகளிலும் நேரில் கண்டார்கள். ஆகவே மிஷனரிகளுக்குப் பதில் சொல்ல எழுந்த சபைகள், பதில் சொல்லும் கருவிகளில் பலவற்றை மிஷனரிகளிடமிருந்தே எடுத்துக்கொண்டன. இதில் தாழ்வு எதுவும் இல்லை என்பது என் கருத்து. எதிரில் நிற்பவர் அச்சு எந்திரத்தோடு வரும்போது ஓலைச்சுவடியை மட்டும் வைத்துக்கொண்டு வாதம் செய்ய முடியாது.

இனி பள்ளிக்கூடத்துக்கு வருவோம். 1813-ஆம் ஆண்டின் சாசனச் சட்டம் இரண்டு வாசல்களை ஒரே சமயத்தில் திறந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப்பகுதிக்குள் மிஷனரிகள் வந்து பணிசெய்ய வழி கிடைத்தது. இந்தியர்களின் கல்விக்காக ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் ஒதுக்கவும் அச்சட்டம் இடம் செய்தது. அந்தப் பணத்தை எந்தக் கல்விக்குச் செலவழிப்பது என்ற வாதம் இருபது ஆண்டுகளுக்கு மேல் நீண்டது. 1823-இல் அரசு கல்கத்தாவில் ஒரு சமஸ்கிருதக் கல்லூரி தொடங்க முனைந்தபோது, ராஜா ராம்மோகன் ராய் கவர்னர் ஜெனரல் ஆம்ஹெர்ஸ்டுக்குக் கடிதம் எழுதி அதை எதிர்த்தார். கணிதம், இயற்கைத் தத்துவம், வேதியியல், உடற்கூற்றியல் ஆகியவற்றைக் கற்பிக்கும் கல்லூரியே நாட்டுக்கு வேண்டும் என்றார். உபநிடதங்களை மொழிபெயர்த்து அச்சிட்ட வேதாந்தியே இப்படி எழுதியதைப் பார்க்கும்போது, சீர்திருத்தக்காரர்கள் ஆங்கிலக் கல்வியை எதிர்த்தார்கள் என்ற பொதுவான எண்ணம் எவ்வளவு பிழையானது என்று விளங்கும். அவர்கள் அக்கல்வியை விரும்பினார்கள். அதை யார் கையிலிருந்து பெறுவது, அதோடு சேர்ந்து வேறென்ன வந்து சேரும் என்பவைதாம் அவர்களுடைய கவலைகள்.

மிஷனரிகளும் இந்த விருப்பத்தைச் சரியாகவே கணித்தார்கள். டஃப் 1830-இல் கல்கத்தாவுக்கு வந்தார். அதற்கு முன் பெரும்பாலான மிஷனரிகள் சந்தைகளிலும் தெருக்களிலும் நின்று பிரசங்கம் செய்தார்கள்; கேட்டவர்கள் மிகுதி, மதம் மாறியவர்கள் குறைவு, அவர்களிலும் மேல்சாதியினர் அரிது. டஃப் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தார். கல்கத்தாவின் நல்ல குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கில வழியில், கட்டணம் வாங்காமல், வரலாறும் அறிவியலும் தர்க்கமும் கற்பிப்பது, அவற்றோடு பைபிளையும் கட்டாயப் பாடமாக்குவது என்பது அவர் திட்டம். மேலைநாட்டு அறிவியல் புராணங்களின் மேலுள்ள நம்பிக்கையைத் தகர்க்கும், தகர்ந்த இடத்தில் பைபிள் குடியேறும் என்று அவர் நம்பினார். வேடிக்கை பார்க்க வருகிற கூட்டத்துக்குப் பேசுவதைவிட, தினமும் ஐந்தாறு மணி நேரம் முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்குப் பேசுவது பலன் தரும் என்பது அவர் கண்ட உண்மை.

அந்தப் பள்ளிக்கு இடம் பார்த்துக் கொடுத்தவர் ராம்மோகன் ராய்தான். 1828-இல் அவர் தொடங்கிய பிரம்ம சபை கூடிவந்த கூடத்தையே டஃப்புக்குக் கிடைக்கச் செய்தார். பள்ளி திறந்த நாளில் பைபிளைக் கையில் வாங்கப் பிள்ளைகள் தயங்கியபோது, ராய் அவர்களுக்குத் தைரியம் சொன்னார். வில்சன் என்ற ஆங்கிலேய அறிஞர் இந்து சாஸ்திரங்களைப் படித்தும் இந்துவாகவில்லை, நான் குர்ஆனை முழுவதும் படித்தும் முஸ்லிமாகவில்லை, நீங்களும் படித்துப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள் என்பது அவர் சொன்னதன் சாரம். செராம்பூர் பாதிரிமார்களோடு இயேசுவின் தெய்வத்தன்மை பற்றிப் பல ஆண்டுகள் அச்சில் வாதிட்டவர் அவர். ஏசுவின் நீதிபோதனைகளை ஏற்றுக்கொண்டு, அற்புதங்களையும் திரித்துவத்தையும் விலக்கியவர். ஒரு நூலைப் படிப்பதால் மட்டும் ஒருவர் நிலை குலைந்துவிட மாட்டார் என்ற அவருடைய நம்பிக்கை, பல நூல்களில் தோய்ந்த பெரியவரின் நம்பிக்கை. பதினாலு பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பொருந்தும் என்ற கேள்வி அன்று எழவில்லை.

சில ஆண்டுகளுக்குள் அது எழுந்தது. ஆனால் முதலில் அதிர்ச்சி வந்தது மிஷன் பள்ளியிலிருந்து அல்ல. 1817-இல் கல்கத்தாவின் இந்துப் பெரியவர்கள் தாங்களே நிதி திரட்டித் தொடங்கிய இந்துக் கல்லூரியிலிருந்து. டெரோசியோ என்ற இளம் ஆசிரியரின் தாக்கத்தில் அங்குப் படித்த மாணவர்கள் எல்லா ஆசாரங்களையும் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். நிர்வாகம் 1831-இல் அவரைப் பதவியிலிருந்து விலக்கியது. அதே ஆண்டில் அக்கல்லூரியில் படித்த கிருஷ்ணமோகன் பானர்ஜி என்ற பிராமண இளைஞரின் வீட்டில் கூடிய நண்பர்கள், அவர் இல்லாத நேரத்தில் மாட்டிறைச்சி தின்று, மிச்சத்தை அடுத்த வீட்டு முற்றத்தில் எறிந்தார்கள். கிருஷ்ணமோகன் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார். அடுத்த ஆண்டு டஃப்பிடம் ஞானஸ்நானம் பெற்றார். மதச்சார்பில்லாத ஆங்கிலக் கல்வி பழைய பிடிப்பைத் தளர்த்துகிறது, தளர்ந்தவர்களை ஏற்றுக்கொள்ள மிஷன் காத்திருக்கிறது என்று பெற்றோர்கள் அஞ்சியதற்கு இது கண்கண்ட சான்றாயிற்று.

இருந்தும் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட அவர்களால் முடியவில்லை. 1835-இல் அரசு ஆங்கிலக் கல்வியின் பக்கம் சாய்ந்தது. 1844-இல் ஹார்டிஞ்ச் பிரபு, அரசு வேலைகளில் ஆங்கிலம் படித்தவர்களுக்கு முன்னுரிமை என்று அறிவித்தார். அரசின் பள்ளிகளிலும் இந்துக் கல்லூரியிலும் கட்டணம் உண்டு. வசதி குறைந்த, ஆனால் பிள்ளை குமாஸ்தா வேலைக்காவது போகவேண்டும் என்று எண்ணிய குடும்பங்களுக்கு இலவசமாக ஆங்கிலம் கிடைத்த இடம் மிஷன் பள்ளி. இந்தப் பொருளாதாரக் காரணத்தைப் பார்க்காமல் மதமாற்றத்தைப் பற்றி மட்டும் பேசினால், அடுத்து நடந்தது புரியாது.

இப்போது ராஜேந்திரநாத் அழுதுகொண்டு நின்ற இடத்துக்குத் திரும்புவோம். அவர் தேவேந்திரநாத்திடம் வந்ததற்குக் காரணம் உண்டு. ராம்மோகன் ராய் 1833-இல் இங்கிலாந்தில் காலமான பின் அவருடைய சபை மெலிந்து கிடந்தது. 1839 அக்டோபரில் தேவேந்திரநாத் பத்துப் பேரோடு தத்துவபோதினி சபையைத் தொடங்கி, பின்பு, பிரம்ம சமாஜம் என்று வழங்கப்பட்ட ராயின் அந்தச் சபையையும் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். 1840-இல் அந்தச் சபை ஒரு பாடசாலை நடத்தியது. அங்கு அறிவியலும் வேதாந்தமும் வங்காள மொழியில் கற்பிக்கப்பட்டன. பாடநூல்கள் இல்லாததால், ஆசிரியர் அட்சய குமார் தத்தா வங்காளத்தில் ஒரு பூகோள நூலையே எழுத வேண்டியிருந்தது. நல்ல முயற்சிதான், ஆனால் கல்கத்தாவில் ஆங்கிலம் சொல்லித் தராத பள்ளிக்கு ஆள் சேரவில்லை. 1843-இல் அதை ஹூக்ளிக் கரையிலுள்ள பான்ஸ்பேரியா என்ற ஊருக்கு மாற்றினார்கள். தாய்மொழியில் உயர்கல்வி என்ற கொள்கைக்கும் வேலைச் சந்தைக்கும் இடையில் நடக்கும் இழுபறியை இங்கே முதன்முதலாகப் பார்க்கிறோம். அது இன்றுவரை ஓயவில்லை.

அதே 1843-இல் தத்துவபோதினி பத்திரிகை வெளிவரத் தொடங்கியது. அட்சய குமார் தத்தாவே ஆசிரியர். உமேஷ் சந்திரன் செய்தி கேட்டதும் தேவேந்திரநாத் முதலில் பத்திரிகையில் எழுதச் செய்தார். அந்தப்புரத்துப் பெண்களும்கூடத் தங்கள் சமயத்தை விட்டுப் போகத் தொடங்கிவிட்டார்கள், இன்னுமா உறக்கம் என்ற பொருளில் தத்தாவின் கட்டுரை அமைந்தது. பிறகு தேவேந்திரநாத் வண்டியில் ஏறினார். காலை முதல் மாலை வரை, நாள்தோறும், கல்கத்தாவின் செல்வர்கள், பெரிய மனிதர்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய், மிஷன் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்ப வேண்டிய அவசியம் இல்லாதபடி நாமே ஒரு பள்ளி வைக்கவேண்டும் என்று பேசினார்.

அவர் யார் யாரைச் சேர்த்தார் என்பதில்தான் இந்தக் கதையின் முக்கியமான செய்தி இருக்கிறது. ராதாகாந்த தேவ் வைதிகக் கட்சியின் தலைவர். உடன்கட்டை ஏறுவதை அரசு 1829-இல் தடைசெய்தபோது அதை எதிர்த்து எழுந்த தர்ம சபையின் முதன்மையானவர். பிரம்ம சபைக்கும் தர்ம சபைக்கும் பதினைந்து ஆண்டுகளாகப் பகை. இன்னொரு பக்கத்தில் ராம்கோபால் கோஷ், டெரோசியோவின் மாணவர் வட்டத்திலிருந்து வந்தவர். உருவ வழிபாட்டைப் பற்றி ஒத்த கருத்தே இல்லாத மூன்று தரப்பினரும் இந்தப் பள்ளி விஷயத்தில் ஒரே மேடையில் உட்கார்ந்தார்கள். 1845 மே மாத இறுதியில் கூடிய கூட்டத்துக்கு ஏறக்குறைய ஆயிரம் பேர் வந்ததாகத் தேவேந்திரநாத் எழுதுகிறார். பாதிரிமார் பள்ளியைப் போலவே கட்டணம் இல்லாத பள்ளி ஒன்று தொடங்குவது என்று தீர்மானித்துவிட்டு, சந்தா ஏட்டை எடுத்து வைத்துக்கொண்டு, யார் எவ்வளவு போடப்போகிறார்கள் என்று காத்திருந்தார்கள். அசுதோஷ் தேவ், பிரமதநாத் தேவ் ஆகியோர் பத்தாயிரம் ரூபாய்க்குக் கையெழுத்திட்டார்கள். அன்றைக்கே நாற்பதாயிரம் ரூபாய் எழுதப்பட்டது.

1846 மார்ச் மாதம் ஹிந்து ஹிதார்த்தி வித்யாலயம் திறந்தது. பூதேவ் முகோபாத்யாய் என்ற இளைஞர் தலைமையாசிரியரானார். பின்னாளில் வங்காளக் கல்வித்துறையிலும் இலக்கியத்திலும் பெரும் பெயர் பெற்றவர் அவர். இதன்பின் கிறித்தவராகும் அலை தணிந்தது, மிஷனரிகளின் தலையில் ஓர் அடி விழுந்தது என்று தேவேந்திரநாத் மகிழ்ந்து எழுதினார். ஆனால் பள்ளி நிலைக்கவில்லை. சில பெரிய செல்வர்களின் கொடையை நம்பி நின்ற நிறுவனம், 1848-இல் கல்கத்தா வணிகமே ஆடிப்போனபோது தள்ளாடியது. யூனியன் வங்கியும் தாகூர் குடும்பத்தின் கார்–தாகூர் நிறுவனமும் அந்த நெருக்கடியில் வீழ்ந்தன. பான்ஸ்பேரியாவிலிருந்த பாடசாலையும் மூடப்பட்டது. மிஷன் பள்ளிக்கோ ஸ்காட்லாந்தின் ஊர்ஊரான தேவாலயங்களிலிருந்து சிறுசிறு காணிக்கையாகப் பணம் வந்துகொண்டிருந்தது. ஒரு கூட்டத்தில் நாற்பதாயிரம் எழுதுவதற்கும், நாற்பது ஆண்டுகள் மாதந்தோறும் ஆசிரியர் சம்பளம் கொடுப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அந்தத் தலைமுறை கடினமான வழியில்தான் கற்றுக்கொண்டது.

பள்ளியைவிட ஆழமான இடத்தில் மிஷனரிகளின் கேள்வி வேறொரு மாற்றத்தைச் செய்தது. உங்கள் சமயத்துக்கு ஆதாரம் எது என்று டஃப் கேட்டார். எங்களுக்குப் பைபிள் இருக்கிறது, அது இறைவன் வாக்கு என்கிறோம். நீங்கள் வேதாந்தம் என்கிறீர்களே, அது எந்த நூலில், எந்தப் பக்கத்தில் இருக்கிறது, அது பிழையற்றது என்று சொல்வீர்களா என்பது கேள்வி. இந்தக் கேள்வியே ஒரு புத்தகத்தின் மேல் நிற்கும் சமயத்திலிருந்து எழுகிற கேள்வி. கோயில், குலவழக்கம், குரு, விரதம், பாட்டு என்று பல வேர்களில் நிற்கும் வாழ்க்கையிடம் ஒரே நூலைக் காட்டு என்றால் திகைப்புத்தான் வரும். தத்துவபோதினிக்காரர்கள் முதலில் அந்தக் கேள்வியின் நிபந்தனையை ஏற்றுக்கொண்டார்கள். 1845-இல் பத்திரிகையின் வழியாக வேதாந்தக் கொள்கைகளுக்கு ஆதரவாகப் பதில் எழுதி, வேதமே தங்கள் ஆதாரம் என்று அறிவித்தார்கள்.

அறிவித்த பிறகு, வேதத்தில் என்னதான் இருக்கிறது என்று முழுவதுமாகப் பார்த்தாக வேண்டியிருந்தது. வங்காளத்தில் வேதம் ஓதும் மரபு அருகியிருந்ததால், தேவேந்திரநாத் நான்கு இளைஞர்களைக் காசிக்கு அனுப்பினார், நாலு வேதத்துக்கு நாலு பேராக. 1847-இல் தாமே காசிக்குப் போய்ப் பண்டிதர்களைக் கூட்டி ஓதக் கேட்டார். யாக விதிகளும் பல தேவதைகளைப் போற்றும் பாடல்களும் அங்கே இருந்தன; அவர் தேடிய ஒரே பிரம்மத்தின் வழிபாடு மட்டும் அங்கே இல்லை. உபநிடதங்களிலும் சில வாக்கியங்கள் அவர் மனத்துக்கு ஒத்தன, சில ஒவ்வவில்லை. இதற்கிடையில் அறிவியலில் ஊறிய அட்சய குமார் தத்தா, எந்த நூலும் பிழையற்றதாக இருக்க முடியாது என்று சபைக்குள்ளேயே வாதாடிக்கொண்டிருந்தார். கடைசியில், 1850-ஐ ஒட்டிய ஆண்டுகளில், வேதம் பிழையற்றது என்ற கொள்கையைப் பிரம்ம சமாஜம் கைவிட்டது. தேவேந்திரநாத் உபநிடதங்களிலிருந்து தாம் தெளிந்த வாக்கியங்களைத் தொகுத்து, பிரம்ம தர்மம் என்ற நூலாக்கினார். அதற்கு ஆதாரம் நூலின் அதிகாரம் அல்ல, தூய்மையடைந்த மனத்தின் தெளிவே என்றார்.

இந்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன். வாதத்தில் வெல்வதற்காகச் சொன்ன ஒரு கூற்றைத் தாமே சோதித்து, பொருந்தாதபோது எல்லார் முன்னிலையிலும் விலக்கிக்கொண்டார்கள். ஆனால் அதற்கு ஒரு விலையும் இருந்தது. சாதாரண இந்துவுக்கு அது தொலைவான சமயமாகிவிட்டது. கோயிலுக்குப் போகிற, திதி கொடுக்கிற, ஊர்த்திருவிழாவில் தேர் இழுக்கிற மக்களிடம் எடுத்துச்செல்ல அதில் அதிகம் இல்லை. படித்த நகரத்தாரின் சிறிய வட்டமாகவே பிரம்ம சமாஜம் நின்றது.

இதே கேள்விக்கு நேர்மாறான பதிலைச் சொன்னது ஆரிய சமாஜம். குஜராத்தில் பிறந்த தயானந்த சரஸ்வதி 1875-இல் பம்பாயில் அதைத் தொடங்கினார். 1877-இல் லாகூரில் வேரூன்றியது. வேத சம்ஹிதைகள் பிழையற்றவை, எல்லா மெய்யறிவுக்கும் ஊற்று அவையே, விக்கிரக வழிபாடும் பிறப்பால் வரும் சாதியும் வேதத்தில் இல்லை என்பது அவர் போதனை. தேவேந்திரநாத் விட்ட இடத்தை இவர் பிடித்துக்கொண்டார் என்று சொல்லலாம். ஒரே நூல், தெளிவான கொள்கைப் பட்டியல், வாராந்திரக் கூட்டம், ஊர்ஊராகச் சென்று பிரசாரம் செய்பவர்கள் என்ற அமைப்பில், பஞ்சாபில் மிஷனரிகளோடு நேருக்கு நேர் நிற்கும் வலு ஆரிய சமாஜத்துக்கு இருந்தது. லாகூரில் ஃபோர்மன் என்ற அமெரிக்கப் பாதிரியார் 1849 முதலே பள்ளி நடத்திவந்தார். அது பின்னால் கல்லூரியாக வளர்ந்தது.

தயானந்தர் 1883-இல் காலமானதும், அவர் நினைவாக ஒரு பள்ளி தொடங்க லாகூர்க்காரர்கள் முடிவு செய்தார்கள். 1886 ஜூன் முதல் தேதி தயானந்த ஆங்கிலோ வேதப் பள்ளி திறந்தது. பெயரிலேயே ஆங்கிலமும் வேதமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைக் கவனியுங்கள். பட்டம் பெற்று ஓராண்டே ஆகியிருந்த லாலா ஹன்ஸ்ராஜ் சம்பளமே வாங்காமல் தலைமையாசிரியராக முன்வந்தார். அவருடைய அண்ணன் முல்க்ராஜ் தம் சம்பளத்தில் பாதியைத் தம்பி குடும்பத்துக்குக் கொடுத்துவந்தார். பணம் திரட்டும் முறையும் கல்கத்தாவிலிருந்து மாறியிருந்தது. வீட்டில் மாவு பிசையும்போது ஒரு பிடி மாவைத் தனியே பானையில் போட்டு வைப்பார்கள். அது சேர்ந்ததும் வாங்கி விற்றுப் பள்ளிக் கணக்கில் சேர்ப்பார்கள். நம் ஊர்களில் பொதுக் காரியத்துக்குப் பிடியரிசி எடுத்து வைப்பதைப் போன்றதுதான் இது. பழைய காகிதத்தையும் இதேபோல் சேகரித்தார்கள். நாலைந்து செல்வர்கள் கவிழ்ந்தால் கவிழ்ந்துவிடும் பள்ளியாக இது இருக்கவில்லை. அரசின் மானியத்தையும் வாங்குவதில்லை என்று உறுதியாக நின்றார்கள்.

அந்த மானியம் பற்றி ஒரு சொல். 1854-இல் வந்த உட் கல்வி அறிக்கை, நல்ல பாடத்திட்டம் வைத்து, ஆய்வுக்கு உட்படும் தனியார் பள்ளிகளுக்கு உதவித்தொகை கொடுக்கலாம் என்றது. மதம் பார்ப்பதில்லை என்பது விதி. நடைமுறையில், ஏற்கெனவே கட்டடமும் ஆசிரியரும் வைத்திருந்த மிஷன் பள்ளிகளே முதலில் பயன்பெற்றன. அதைத் தொடர்ந்து 1857-இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும், 1882-இல் லாகூரிலும் பல்கலைக்கழகங்கள் வந்தன. மானியத்தை வேண்டாம் என்று சொல்லிவிடலாம். பல்கலைக்கழகத் தேர்வை வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. பட்டம் இல்லாவிட்டால் வக்கீலாக முடியாது, அரசு அலுவலகத்தில் ஏற முடியாது.

இங்கேதான் ஆரிய சமாஜப் பள்ளியின் உள்சிக்கல் தொடங்கியது. தேர்வுக்கு ஆங்கிலமும் கணிதமும் வரலாறும் வேண்டும். மாணவனின் நாளில் பெரும்பகுதியை அவையே எடுத்துக்கொண்டன. சமஸ்கிருத இலக்கணத்துக்கும் வேதத்துக்கும் மிஞ்சியது கொஞ்சம். தேர்வு முடிவுகள் சிறப்பாக இருந்தன, மாணவர்கள் குவிந்தார்கள். குருதத்த வித்யார்த்தி என்ற இளம் அறிஞரும் அவர் வழி வந்தவர்களும், நாம் ஏன் இந்தப் பள்ளியைத் தொடங்கினோம் என்று கேட்டார்கள். பாணினியின் அஷ்டாத்யாயி நடுவில் இருக்க வேண்டிய இடத்தில் பல்கலைக்கழகத்தின் பாடப்பட்டியல் இருக்கிறதே என்பது அவர்கள் குறை. ஹன்ஸ்ராஜ், லாலா லஜபதி ராய் ஆகியோரின் பக்கத்தார், பிள்ளைகள் மிஷன் கல்லூரிக்குப் போகாமல் நம்மிடம் வருகிறார்களே, அதுதானே நோக்கம் என்றார்கள். இறைச்சி உண்ணலாமா என்ற சச்சரவும் இதோடு சேர்ந்துகொள்ள, 1893-இல் பஞ்சாப் ஆரிய சமாஜம் இரண்டாகப் பிளந்தது.

பிரிந்துபோன தரப்பின் தலைவர் முன்ஷிராம், ஜலந்தரில் வக்கீல். பின்னாளில் சுவாமி சிரத்தானந்தர் என்று பெயர் கொண்டவர். அவருடைய மகள் ஒரு நாள் மிஷன் பள்ளியிலிருந்து பாடிக்கொண்டே வீடு வந்தாள். ஈசா ஈசா என்று ஒருமுறை சொல், உனக்கென்ன செலவு, ஈசாவே என் ராமன், ஈசாவே என் கண்ணன் என்ற பாட்டு அது. ஊர்ப் பஜனை மெட்டும் தெரிந்த பெயர்களும் சேர்ந்து சிறுமியின் வாயில் எளிதாக ஒட்டிக்கொண்டன. பெண்கள் பள்ளிக்கு நாம் ஏன் ஒன்றும் செய்யவில்லை என்று அன்றே அவர் எண்ணத் தொடங்கினார். அவரும் அவர் மைத்துனர் லாலா தேவராஜும் சேர்ந்து செய்த முயற்சி, தேவராஜின் விடாப்பிடியால் ஜலந்தர் கன்யா மகாவித்யாலயமாக வளர்ந்தது. பெண்கல்விக்கு அன்று எழுந்த எதிர்ப்பில் பெரும்பகுதி மிஷனரிகளிடமிருந்து வரவில்லை, சமாஜத்துக்கு உள்ளிருந்தே வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

தமிழர்களுக்கு இந்த வரலாறு புதியதல்ல. யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷன் பள்ளியில் படித்து, அங்கேயே ஆசிரியராகி, பீட்டர் பெர்சிவல் பாதிரியாருக்குத் தமிழ் பைபிள் மொழிபெயர்ப்பில் துணைநின்ற ஆறுமுக நாவலர், 1848-இல் வண்ணார்பண்ணையில் சைவப் பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். கல்கத்தாவில் ஹிந்து ஹிதார்த்திப் பள்ளி தள்ளாடிய அதே ஆண்டு அது. படிப்படியாக அமைந்த பாலபாட வரிசை, கேள்வி–பதிலாக அமைந்த சைவ வினாவிடை, சொந்த அச்சுக்கூடம், கோயில் மண்டபத்தில் வாரம் தவறாத பிரசங்கம் என அவர் எடுத்த கருவிகள் பல மிஷன் பள்ளியில் அவர் பழகியவை. அவற்றில் நிரப்பிய பொருளோ ஆகமமும் திருமுறையும் சார்ந்த சைவம். தேவேந்திரநாத்தும் தயானந்தரும் கோயில் வழிபாட்டை விலக்கினார்கள். நாவலர் அதையே நடுவில் வைத்துக் காத்தார். சாதி வேறுபாட்டையும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. ஆகையால் அவரைச் சீர்திருத்தக்காரர் என்று சொல்வதா என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். அவர் மறைவுக்குப் பின் 1888-இல் சைவ பரிபாலன சபை எழுந்து, யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரிக்குப் பின்பலமாக நின்றது. அந்தக் கல்லூரி ஆங்கில வழியில்தான் நடந்தது. லாகூரில் நடந்த கணக்கு இங்கும் அப்படியே பொருந்துகிறது.

முன்ஷிராம் அந்தக் கணக்கை மாற்றிப் பார்க்க முனைந்தார். 1902-இல் ஹரித்துவாருக்கு அருகே, கங்கையின் அக்கரையில் காங்டி என்ற காட்டுக் கிராமத்தில் குருகுலம் அமைத்தார். பிள்ளைகள் சிறுவயதிலேயே சேர்ந்து, பெற்றோரைப் பிரிந்து, பல ஆண்டுகள் அங்கேயே வளர்ந்தார்கள். வேதமும் சமஸ்கிருதமும் நடுவில் இருந்தன; வேதியியலும் இயற்பியலும் இந்தியில் கற்பிக்கப்பட்டன. அரசின் மானியமும் இல்லை, பல்கலைக்கழகத்தின் இணைப்பும் இல்லை. தத்துவபோதினி பாடசாலையில் அட்சய குமார் தத்தா செய்ததையே, அறுபது ஆண்டுகளுக்குப் பின் இன்னும் பெரிய அளவில் செய்தார்கள் என்று நான் நினைப்பதுண்டு. அங்கிருந்து வெளிவந்தவர்கள் ஆசிரியர்களாகவும் பத்திரிகையாளர்களாகவும் சமாஜப் பிரசாரகர்களாகவும் ஆனார்கள். அவர்கள் பெற்ற பட்டத்தை அரசு அலுவலகம் ஏற்கவில்லை. 1962-இல்தான், சுதந்திர இந்தியாவில், காங்டி குருகுலத்துக்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி கிடைத்தது.